பிரஷ்ஷில் சார்ஜ் நிற்கவில்லை: கோளாறு செல்லிலா, ஸ்டாண்டிலா?

கேள்வி: மூணு வருஷம் ஆன எலக்ட்ரிக் டூத்பிரஷ். முன்னாடி ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரம் முழுக்க ஓடும், இப்போ ரெண்டாவது நாளே துவண்டுடுது. ஸ்டாண்டுல வெச்சா அரை மணி நேரத்துல பச்சை லைட் வந்துடுது. கடையில "ஸ்டாண்டு காயில் போயிருக்கும், செட்டையே மாத்துங்க"ன்னு சொல்றாங்க. உள்ளே செல் சீல் பண்ணியிருக்கு. அப்பாவோட ஷேவரும் இதே கதைதான். எதை மாத்தணும், நாமே பண்ணலாமா?

பதில்:

நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. அரை மணி நேரத்தில் பச்சை விளக்கு வந்துவிடுகிறது என்றால் உங்கள் ஸ்டாண்டு வேலை செய்கிறது. போனது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செல். கடைக்காரர் சொன்னபடி செட்டையே மாற்றவேண்டியதில்லை, ஸ்டாண்டை மாத்திரம் மாற்றினாலும் பணம்தான் போகும்.

ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. இந்த வகை பிரஷ்கள் பலவற்றில் ஒரே ஒரு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் இருக்கும். அதன் அழுத்தம் 1.2 வோல்ட், கொள்ளளவு 1600 மில்லிஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். நிறைந்தால் ஏறக்குறைய 2 வாட் மணி ஆற்றல். ஸ்டாண்டின் அடியில் திருப்பிப் பாருங்கள், ஒரு வாட் அளவில்தான் போட்டிருக்கும். அந்த ஒரு வாட்டும் செல்லுக்குப் போவதில்லை. ஸ்டாண்டுக்குள் இருக்கும் மின்சுற்று கொஞ்சம் தின்னும், ஸ்டாண்டில் ஒன்றும் கைப்பிடியில் ஒன்றுமாக உள்ள காயில் என்னும் கம்பிச்சுருள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் சுவரைத் தாண்டும்போது கொஞ்சம் போகும், கைப்பிடிக்குள் நேர்மின்னாக மாறும்போது இன்னும் கொஞ்சம். செல்லுக்கு 0.3 வாட் போய்ச் சேர்ந்தால் அதுவே நல்ல வரவு. அதனால்தான் கையேட்டில் முழு சார்ஜுக்கு 12 மணி முதல் 24 மணி நேரம் வரை கேட்கிறார்கள்.

இப்போது உங்கள் பச்சை விளக்குக்கு வாருங்கள். அரை மணியில் அந்த ஸ்டாண்டு அதிகபட்சம் 0.15 வாட் மணி கொடுத்திருக்க முடியும். நல்ல செல்லில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாத அளவு அது. அதற்குள் "நிறைந்தது" என்று விளக்கு எரிகிறது என்றால், நிறைய வேண்டிய பாத்திரமே சிறுத்துப்போய்விட்டது என்று பொருள். குடம் சொம்பாகிவிட்டால் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். குழாய் பழுதாகியிருந்தால் இதற்கு நேர்மாறாக, எத்தனை நேரம் வைத்தாலும் நிரம்பவே நிரம்பாது.

விளக்கு வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பல கைப்பிடிகளில் உள்ளே இருக்கும் சில்லு செல்லின் அழுத்தத்தைப் பார்த்துத்தான் நிறைந்ததா என்று தீர்மானிக்கிறது. வயதான செல்லுக்குள் திரவம் உலர்ந்து உள்தடை கூடியிருக்கும். அதற்குள் கொஞ்சம் மின்னோட்டம் போனாலே அழுத்தம் சட்டென்று 1.5 வோல்ட்டைத் தாண்டும். சில்லு அதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. அழுத்தம் பார்க்காமல் போன சார்ஜையும் வந்த சார்ஜையும் எண்ணிக்கொண்டே இருக்கும் மாடல்களும் உண்டு. அவற்றில் விளக்கு ஒழுங்காகப் பல மணி நேரம் மின்னிவிட்டுத்தான் அணையும், ஆனால் பிரஷ் மட்டும் ஓடாது. ஆகவே விளக்கை நம்பி முடிவுக்கு வரக்கூடாது, ஓடும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பது எளிது. பிரஷ் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டாண்டில் ஒரு முழு நாள், அதாவது 24 மணி நேரம், சுவிட்சை யாரும் அணைக்காதபடி வையுங்கள். எடுத்து, பிரஷ் தலையைக் கழற்றிவிட்டு, கடிகாரம் வைத்துக்கொண்டு ஓடவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும் மாடல் என்றால் மறுபடி மறுபடி ஆன் செய்யுங்கள். நல்ல நிலையில் இருக்கும் செல் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டும். பத்து நிமிடத்துக்குள் குரல் இறங்கிவிட்டால் செல் முடிந்தது. முழு நாள் சார்ஜுக்குப் பிறகு அரை மணி ஓடுகிறது, ஆனால் அன்றாடப் பழக்கத்தில் மட்டும் சார்ஜ் நிற்பதில்லை என்றால் செல் நன்றாகவே இருக்கிறது. அதற்குப் போதிய நேரம் மின்சாரம் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பின்னது நம் வீடுகளில் நிறைய நடக்கிறது. குளியலறைப் பிளக்கின் சுவிட்சை குளித்து முடித்ததும் யாராவது அணைத்துவிடுவார்கள். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இரண்டிரண்டு நிமிடம் என்றால் நான்கு நிமிடச் செலவு. முழு சார்ஜ் நாற்பது நிமிடம் ஓட்டும் என்றால் நாள் ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 வாட் மணி. சுவிட்ச் தினம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டிருந்தால் வரவு 0.3, அதிலும் நிக்கல் செல் உள்வாங்கும்போது கணிசமாக வெப்பமாக இழக்கும். வரவும் செலவும் சரிக்குச் சரி. ஒரு நாள் மறந்தால் கடன். பிரஷ்ஷைத் திட்டிப் பயனில்லை.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுக்காரர் ஒருவர் கொண்டுவந்த பிரஷ்ஷின் கதையும் ஏறக்குறைய இதுதான், ஆனால் சுவிட்ச் எப்போதும் போட்டபடிதான் இருக்கும் என்றார். கைப்பிடியை என் மேஜையில் இருந்த ஒத்த ஸ்டாண்டில் ஒரு நாள் வைத்தேன், முப்பது நிமிடத்துக்கு மேல் ஓடியது. செல் சரி. அவருடைய ஸ்டாண்டையும் என் மேஜையில் சொருகிப் பார்த்தேன், அதுவும் சார்ஜ் செய்தது. இரண்டும் சரி என்றால் நடுவில் என்ன? பிளக். அந்த ஸ்டாண்டுக்கு இருந்தது ஐரோப்பிய இரண்டு முள் பிளக். அதன் முள் 4 மில்லிமீட்டர் தடிமன். நம் ஊர் 6 ஆம்பியர் சாக்கெட் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான முள்ளுக்காகச் செய்தது. அவர் வீட்டுப் பழைய சாக்கெட்டில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் தொடர்பு விட்டுப்போகும். சாக்கெட்டின் வாய் கருத்திருந்தது. நல்ல பிடிப்புள்ள அடாப்டர் ஒன்று போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. ஸ்டாண்டுக்கு விளக்கு எதுவும் இல்லாததால், மின்சாரம் வந்து வந்து போவது யாருக்கும் தெரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவரும் பிரஷ்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஸ்டாண்டின் அடியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மாற்றிப் போடலாம். 120 அல்லது 130 வோல்ட்டோடு நின்றுவிட்டால் நம் 230 வோல்ட்டில் சொருகவே கூடாது. சொருகினால் உள்ளே இருக்கும் உருகு தடை ஒரு நொடியில் போய்விடும், ஸ்டாண்டு ஊமையாகிவிடும். கைப்பிடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அதே வகைக்கான 230 வோல்ட் ஸ்டாண்டு மட்டும் வாங்கினால் போதும்.

சரி, ஸ்டாண்டு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மிக நல்ல வழி, அதே மாடல் வைத்திருப்பவர் வீட்டு ஸ்டாண்டில் உங்கள் கைப்பிடியை ஒரு இரவு வைத்துப் பார்ப்பது. அது முடியாவிட்டால் ஒரு சின்னக் கருவி செய்யலாம். மோட்டார் வைண்டிங் செய்யும் கடையில் 0.3 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பி கொஞ்சம் கிடைக்கும். ஸ்டாண்டின் நடுவே நிற்கும் முளையில் தளர்வாக இறங்கும் அளவுக்கு முப்பது சுற்று சுற்றுங்கள். கம்பியின் இரு முனையிலும் எனாமலைச் சுரண்டிவிட்டு, 100 ஓம் தடை ஒன்றைத் தொடராக வைத்து, இரண்டு சிவப்பு எல்.இ.டி.க்களை ஒன்றுக்கொன்று தலைகீழாக, பக்கவாட்டில் இணைத்துப் பற்றவையுங்கள். ஸ்டாண்டில் தோன்றுவது மாறுமின் காந்தப்புலம் என்பதால் ஒரு எல்.இ.டி. ஒரு திசைக்கும் மற்றது எதிர்த்திசைக்கும் எரியும், இரண்டும் ஒன்றையொன்று காப்பாற்றும். இதை முளையில் இறக்கும்போது விளக்கு எரிந்தால் ஸ்டாண்டின் காயிலும் அதை ஓட்டும் சுற்றும் உயிரோடு இருக்கின்றன.

முளையிலிருந்து அந்தச் சுருளை மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்ததுமே வெளிச்சம் தேய்ந்துபோவது தெரியும். கைப்பிடியின் அடிக்குழியில் பற்பசையும் உப்புநீர்ப் படிவும் கெட்டித்துப்போய், அது ஸ்டாண்டில் முழுதாக உட்காராமல் சில மில்லிமீட்டர் உயர்ந்து நின்றாலே சார்ஜ் ஏன் பாதியாகிறது என்று அப்போது புரியும். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் இந்த வெள்ளைப் படிவை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஸ்டாண்டைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தினால் போதும். எஃகுத் தட்டின்மேல் ஸ்டாண்டை வைப்பதும் நல்லதல்ல. அடியில் உள்ள உலோகம் அந்தப் புலத்தில் ஒரு பங்கைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடும்.

இந்தச் சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. புதிய மாடல் ஸ்டாண்டுகள் சில, கைப்பிடி வந்து உட்கார்ந்ததை உணர்ந்த பிறகே முழு ஆற்றலை விடும். அவற்றில் எல்.இ.டி. விட்டுவிட்டு மின்னலாம், எரியாமலும் போகலாம். ஆக, எரிந்தால் ஸ்டாண்டு நல்லது என்பது உறுதி. எரியாவிட்டால் கெட்டது என்று உடனே சொல்லக்கூடாது. மல்டிமீட்டரை மாறுமின் நிலையில் வைத்து அந்தச் சுருளை அளப்பவர்களும் உண்டு. அந்தக் காயில் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுகிறது, சாதாரண மீட்டரோ வீட்டு மின்சாரத்தின் 50 அலைவுக்காகச் செய்தது. அது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஸ்டாண்டு செத்தே போயிருந்தால்? காயில் கம்பி தானாக அறுந்துபோவது அரிது. பெரும்பாலும் போவது அதைச் சுற்றியுள்ளவை: நுழைவாயிலில் உள்ள உருகு தடை, வெப்பத்தில் உலர்ந்துபோகும் மின்தேக்கி, அல்லது ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வைத்ததில் வேர்ப்பக்கம் முறிந்த வயர். இதில் எதையும் திறந்து பார்க்கச் சொல்லமாட்டேன். ஸ்டாண்டின் உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், காரணத்தோடுதான். உள்ளே இருப்பது வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சுற்று. உங்கள் ஈரக் கைக்கும் அதற்கும் நடுவே இருப்பது அந்தப் பிளாஸ்டிக் ஓடு ஒன்றுதான். முளையில் மயிரிழை விரிசல் கண்டாலும் ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பசை வைத்து ஒட்டாதீர்கள். ஸ்டாண்டு தனியாக விற்கிறார்கள்.

இனி கைப்பிடிக்குள் போவோம். முதலில் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா லித்தியம் அயானா என்று மறுசுழற்சிக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும். இதை இரண்டு வகைக்கும் பொதுவான வேலையாக நினைக்காதீர்கள். நிக்கல் செல் 1.2 வோல்ட், லித்தியம் செல் 3.6 அல்லது 3.7 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் சார்ஜ் செய்யும் சுற்று அதை அறியாது. லித்தியம் என்றால் இந்த வேலையில் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள். நான் கீழே சொல்வதெல்லாம் நிக்கல் செல்லுக்கு.

திறக்கும் முறையை யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பிரஷ்ஷை அப்புறப்படுத்தும்போது செல்லை எப்படி வெளியே எடுப்பது என்று படத்தோடு போட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் அடிமூடியைத் திருகியோ நெம்பியோ எடுத்தால், மோட்டாரும் செல்லும் மின்சுற்றுப் பலகையும் ஒரே சட்டத்தில் வழுக்கி வெளியே வரும். செல் பலகையோடு பற்றவைத்திருக்கும், ஏஏ பேட்டரி போல உருவி எடுக்க முடியாது. திறப்பவரே கெடுத்துவிடாமல் இருக்க ஒரு விதி: எதையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுங்கள், செல்லின் கூட்டல் முனை எந்தப் பக்கம் என்று தெளிவாகத் தெரியும்படி. தலைகீழாகப் போட்டால் பலகை போய்விடும், பிறகு செய்ய ஒன்றுமில்லை.

இப்போது செல்லையும் கைப்பிடிக் காயிலையும் பிரித்தறியலாம். மல்டிமீட்டரை நேர்மின் நிலையில் வைத்து, செல்லின் இரு முனையில் பிடித்தபடி மோட்டாரை ஓட்டுங்கள். நன்கு சார்ஜ் ஆன நல்ல செல், மோட்டார் ஓடும்போதும் 1.15 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். களைத்த செல் ஓடாமல் இருக்கும்போது 1.3 காட்டும், ஆன் செய்த மறுகணம் 1.0-க்குக் கீழே விழும். அணைத்ததும் மறுபடி 1.25-க்கு ஏறிக்கொள்ளும். இந்த விழுந்து எழும் ஆட்டம்தான் உள்தடை கூடியதன் அடையாளம். சும்மா இருக்கும் செல்லின் அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு "செல் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

அடுத்து, காலி செல்லோடு அந்தச் சட்டத்தை அப்படியே, ஓடு இல்லாமல், உலர்ந்த மேஜையில் வைத்த ஸ்டாண்டின் முளையில் நிறுத்துங்கள். காயில் சட்டத்தின் அடியிலேயே இருப்பதால் சார்ஜ் ஏறும். செல்லின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி கழித்து மறுபடி அளவிடுங்கள். நகர்ந்து மேலே போயிருந்தால் காயில் நல்லது. அசையவே இல்லை, ஆனால் ஸ்டாண்டு நல்லது என்று முன்பே தெரியும் என்றால், கோளாறு கைப்பிடிக் காயிலிலோ அதையடுத்த டையோடிலோ இருக்கிறது. முழுக்கக் காலியான கைப்பிடியில் சார்ஜ் விளக்கு வரவே பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கலாம், சில மாடல்களில் அரை மணிகூட. அதற்குள் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவேண்டாம்.

கைப்பிடிக் காயிலை ஓம் மீட்டரில் அளந்தால் சில ஓமோ அதற்கும் குறைவோ காட்டும். எல்லையற்றது என்று காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. முடியைப் போன்ற அந்தக் கம்பி பெரும்பாலும் பலகையில் பற்றவைத்த இடத்தை ஒட்டி அறும், பிரஷ் கீழே விழுந்ததாலோ அடிமூடி வழியே தண்ணீர் கசிந்து பச்சை பூத்ததாலோ. நுனியில் கொஞ்சம் கம்பி மிச்சமிருந்தால் எனாமலைச் சுரண்டி மறுபடி பற்றவைத்துவிடலாம். சுருளுக்கு உள்ளே அறுந்திருந்தால் எனக்குத் தெரிந்தவரை அதை வீட்டில் சரிசெய்வது வீண் உழைப்பு, அந்தச் சுற்று எண்ணிக்கையை அப்படியே திரும்பச் சுற்றினால்தான் ஸ்டாண்டோடு ஒத்துப்போகும். கம்பி அறாமல் காயிலின் நடுவே இருக்கும் கறுப்பு ஃபெரைட் மட்டும் உடைந்திருக்கும் கைப்பிடிகளும் உண்டு. அவை சார்ஜ் ஆகும், ஆனால் நாள்கணக்கில் ஆகும்.

உங்கள் பிரஷ்ஷில் அந்த இரண்டாவது சோதனைவரை போகவேண்டிய அவசியம் வராது என்றே நினைக்கிறேன். மோட்டார் ஓடும்போது அழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் செல்லை மாற்றுங்கள்.

செல் வாங்கும்போது அளவுகோலால் விட்டமும் நீளமும் அளந்துகொண்டு போங்கள். ஏஏ அளவு என்றால் 14.5 மில்லிமீட்டர் தடிமன், 50 மில்லிமீட்டர் நீளம். சில கைப்பிடிகளில் 17 மில்லிமீட்டர் தடிமனும் 43 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குள்ளமான செல் இருக்கும், அதன் இடத்தில் ஏஏ நிற்காது. இரு முனையிலும் தகடு வைத்தே பற்றவைத்து வரும் செல்லாகக் கேளுங்கள். வெறும் செல்லை வாங்கி நேரடியாக அதன்மேல் ஈயம் வைத்தால், அந்தச் சூட்டில் செல்லின் வாயடைப்பு இளகி, புதுச் செல் பிறந்த அன்றே பாதி செத்துவிடும். கொள்ளளவில் பேராசை வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3000-க்கும் மேல் அச்சிட்ட ஏஏ செல்கள் கிடைக்கும், உறையைப் பார்க்காமல் கையில் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் தராசில் வையுங்கள். 2000 மில்லிஆம்பியர் மணி உள்ள உண்மையான ஏஏ நிக்கல் செல் 26 கிராமுக்குக் குறையாது. 18, 20 கிராம் என்றால் உள்ளே பாதி காற்று. பழையதைவிடச் சற்று அதிகக் கொள்ளளவு போட்டால் தவறில்லை, முதல் சார்ஜ் நேரம் மட்டும் நீளும்.

பழைய செல்லின் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி இருந்தால் அது கசிந்த காரம். விரல் படாமல், வினிகர் ஒரு சொட்டு தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி உலர்த்துங்கள். அப்படியே விட்டால் புதுச் செல்லின் தகட்டையும் அது அரிக்கும்.

செல் மாற்றுவதில் கடினமான பகுதி பற்றவைப்பு அல்ல, மறுபடி மூடுவது. அடிமூடியின் ரப்பர் வளையத்தில் தூசி, முடி எதுவும் இல்லாமல் துடைத்து, மெல்லிய சிலிக்கான் கிரீஸ் தடவி மூடுங்கள். தேங்காய் எண்ணெயோ வாசலினோ வேண்டாம், சில ரப்பர்கள் அதில் உப்பிப்போகும். மேலே பிரஷ் தலை சொருகும் கம்பியைச் சுற்றிய ரப்பரும் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். அங்கே கறுப்புச் சேறு கோத்திருந்து, உள்ளே மோட்டாரிலும் துரு தெரிந்தால், புதுச் செல் போட்டாலும் சில மாதத்தில் அதுவும் நனையும். அந்தக் கைப்பிடிக்கு மேற்கொண்டு செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இப்படிச் சீல் வைப்பதன் சாக்கு நீர்தான் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதிகூட இதில் சற்று விட்டுக்கொடுக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றும்படி வைக்கவேண்டும் என்கிறது அது. ஆனால் தண்ணீரில் கழுவிப் புழங்கவென்றே செய்த கருவிகளில், பழுதுபார்ப்பவர் கழற்ற முடிந்தால் போதும் என்று விலக்கும் வைத்திருக்கிறது. பிரஷ் அந்த விலக்குக்குள் நுழைந்துகொள்ளும்.

புதுச் செல் போட்ட பிறகு ஸ்டாண்டிலேயே நிரந்தரமாகக் குடியிருத்தாதீர்கள். கையேடு அனுமதிக்கும், நான் மறுக்கிறேன். நிறைந்த நிக்கல் செல்லுக்குள் தொடர்ந்து போகும் மின்னோட்டம் வெப்பமாகத்தான் மாறும், அடியில் ஸ்டாண்டும் லேசாகச் சுடும், நம் குளியலறையோ கோடையில் ஏற்கெனவே 35 டிகிரி. மூன்றும் சேர்ந்துதான் செல்லின் திரவத்தை உலர்த்துகின்றன. வாரத்துக்கு ஓர் இரவு வைத்து எடுத்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுக்க ஓடவிட்டுக் காலி செய்து நிரப்புங்கள்.

அப்பாவின் ஷேவருக்கு இதே பாதை பொருந்தாது. ஷேவர்களில் பெரும்பாலானவை வயர் வழியாகவே சார்ஜ் ஆகின்றன, காயில் பேச்சே இல்லை. அங்கே முதலில் சந்தேகப்படவேண்டியது வெட்டும் தலை. பிளேடு மழுங்கி, முடித்தூளும் தோல் எண்ணெயும் கெட்டித்துப்போனால் மோட்டார் இழுத்துக்கொண்டு ஓடும், சார்ஜ் சீக்கிரம் தீரும், பார்ப்பதற்கு அப்படியே செல் போன மாதிரி இருக்கும். தலையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். குரல் சட்டென்று ஏறி, வெகுநேரம் சளைக்காமல் ஓடினால் தலையைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், இல்லையென்றால் பிளேடு மாற்றுங்கள். தலை இல்லாமலும் முனகினால் பிறகு செல்லைப் பாருங்கள். வயரைச் சொருகினால் ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் பயன்படுத்தும் மாடல்கள் பாதுகாப்புக்காகவே சார்ஜ் ஏறும்போது ஓடாதபடி செய்தவை.

நிக்கல் செல் உள்ள ஷேவரில் பெரும்பாலும் இரண்டு செல் வரிசையாக இருக்கும், 2.4 வோல்ட். இரண்டில் ஒன்றுதான் முதலில் போகும். ஆனால் ஒன்றை மட்டும் மாற்றினால், பழையது முதலில் காலியாகி, புதியது அதைத் தலைகீழாக ஓட்டத் தொடங்கும், சில வாரத்தில் பழையது கசியும். இரண்டையும் ஒரே வகையாக, ஒரே நாளில் வாங்கி மாற்றுங்கள். இன்னொன்று, பழைய மாடல்களில் தனி அடாப்டர் இல்லாமல் 230 வோல்ட் வயர் நேராக ஷேவருக்குள்ளேயே போகும். அடாப்டர் கட்டி எதுவும் இல்லாமல் வெறும் வயர் மட்டும் இருந்தால் அது அந்த வகை. அதைத் திறந்த நிலையில் ஒருபோதும் பிளக்கில் சொருகி அளக்காதீர்கள்.

கழற்றிய செல்களைக் குப்பையில் போடவேண்டாம். நம் நாட்டின் 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.